புதுப்பிப்பு: வீடு மாறியபின் கட்டிலடியை விட்டு வராத பூனை

முன்பு கேட்டது: "கடலூரிலிருந்து முத்தியால்பேட்டைக்கு வந்து மூன்று நாளாகிறது, பூனை பகலெல்லாம் கட்டிலடியிலேயே கிடக்கிறது. என்ன செய்வது?"

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பூனை இப்போது கூடத்தில் உறங்குகிறது.

பலன் தந்தது கால்நடை மருத்துவமனையில் பணிபுரியும் அக்கா சொன்ன வழி. வீடு முழுவதையும் திறந்துவிடாமல், பின்னறையில் மட்டும் உணவையும் மணல் தட்டையும் எதிரெதிர் மூலைகளில் வைத்து, பழைய வீட்டுப் போர்வையைத் துவைக்காமலே விரித்தேன். ஒரே அறை போதும் என்று முதலில் சொன்ன அண்ணன், ஒளியும் இடங்களை அடைக்கவும் சொல்லியிருந்தார். அப்படிச் செய்த அன்று அது உணவைத் தொடவேயில்லை. ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் காட்டுமாறு அக்கா எச்சரித்திருந்ததால் அஞ்சினேன். ஆனால் பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்ததும் அன்றிரவே உண்டது. ஐந்தாம் நாள் வாலை உயர்த்தியபடி வந்து கதவுநிலையில் கன்னத்தைத் தேய்த்த பிறகே அடுத்த அறையைத் திறந்தேன்.

எதிர்பாராதது தண்ணீர் மோட்டார். அது ஓடத் தொடங்கினால் பூனை இன்றும் பெட்டிக்குள் பாய்கிறது. இதற்கு வழி தெரியவில்லை.

பழைய வீட்டுக்கே ஓடிவிட்ட தம் பூனையைப் பற்றி எழுதிய சகோதரிக்கு: என்னுடையதை இன்னும் வெளியே விடவில்லை.