கலைச்சொல்: ஃபீச்சர், பெனிஃபிட் – ஒரு மின்விசிறித் துண்டறிக்கையை முன்வைத்து

செல்வி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த சீலிங் ஃபேனுக்குத் தமிழில் துண்டறிக்கை தயாராகிறது. கடைக்கு வருகிறவர் கையில் கொடுப்பது. மூலத்தில் ஃபீச்சர்ஸ் என்று ஒரு பத்தி, பெனிஃபிட்ஸ் என்று ஒரு பத்தி. வரைவில் ‘சிறப்பம்சங்கள்’, ‘நன்மைகள்’ என்று போட்டிருக்கிறேன். படித்தால் இரண்டு பத்தியும் ஒன்றையே இரண்டு முறை சொல்வதுபோல் இருக்கிறது. முதலாவதில் ‘28 வாட் மோட்டார்’, இரண்டாவதில் ‘குறைந்த மின்நுகர்வு’. சொல் தவறா, சரக்கு தவறா?

முத்து எழுதியது:

சொல்தான் தவறு, அக்கா. ‘சிறப்பம்சம்’ என்றாலே நல்லது என்ற தீர்ப்பு உள்ளே வந்துவிடுகிறது. அப்புறம் ‘நன்மை’க்கு என்ன மிச்சம்? ‘பொருட்கூறு’, ‘நுகர்வோர் நற்பேறு’ என்று வைக்கலாம். பிரித்தறிய எளிய வழியும் உண்டு. வாக்கியத்தில் ‘உங்களுக்கு’ வந்தால் நற்பேறு, வராவிட்டால் கூறு.

ரங்கராஜன் எழுதியது:

முத்து சொன்னதில் முதல் பாதி சரி. ‘கூறு’ நல்ல சொல். ‘பொருட்’ என்ற முன்னொட்டுகூட வேண்டியதில்லை. ‘நற்பேறு’ கல்யாணப் பத்திரிகை வாசனை அடிக்கிறது, அதை விடலாம்.

ஆனால் ‘உங்களுக்கு’ சோதனை நிற்காது. ‘உங்களுக்கு 28 வாட் மோட்டார் கிடைக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். நான்காம் வேற்றுமை வந்துவிட்டது, பலன் வரவில்லை. கூறு என்பது ஃபேனிடம் இருப்பது. யார் வாங்கினாலும் அது மாறாது; பெட்டிக்குள் கிடந்தாலும் 28 வாட் 28 வாட்தான். பலன் வாங்குகிறவர் வீட்டில் நடப்பது. வீடு மாறினால் அதுவும் மாறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். இது 28. வித்தியாசம் 47 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 564 வாட்-மணி. 60 நாளில் ஏறக்குறைய 34 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் 60 நாள் என்றே எடுத்தேன். இது மேல் வரம்பு. ஃபேனை இரண்டில் மூன்றில் வைத்து ஓட்டுகிற வீட்டில், அதுவும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருந்தால், பழைய ஃபேனும் குறைவாகவே இழுக்கும், மிச்சம் சுருங்கும்.

இந்த 34 யூனிட்டும் இன்னும் பலன் ஆகவில்லை. 2016-இல் வந்த சலுகைப்படி முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஓடுகிற ஒற்றை அறை வீட்டுக்கு 34 குறைந்து 56 ஆனாலும் கட்டுவது அதே பூஜ்யம். 560 யூனிட் ஓடுகிற வீட்டில் மூன்று ஃபேனை மாற்றினால் 100 யூனிட் போய் 460-க்கு வரும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும் என்பதால், அந்த வீட்டுக்கு மிச்சம் 100 யூனிட்டின் விலையைவிட அதிகம். ஒரே கூறு, ஒருவருக்குப் பலன் இல்லை, இன்னொருவருக்குக் கண்ணுக்குத் தெரியும் தொகை.

கதிரேசன் எழுதியது:

நன்மை தீமை என்று இரண்டு பத்தி போடுவதுதானே நேர்மை? எங்கள் வீட்டில் இந்த வகை ஃபேனுக்கு ரிமோட் தொலைந்துபோய், சுவரில் இருக்கிற ரெகுலேட்டரைத் திருப்பினால் ஃபேன் விட்டுவிட்டு ஓடுகிறது. அதை எந்தப் பத்தியில் போடுவீர்கள்?

ரங்கராஜன் எழுதியது:

கேள்வி வேறு, ஆனால் நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த ஃபேனுக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை தனியாக இருக்கிறது. அதற்கு முழு மின்னழுத்தம் போக வேண்டும். நடுவில் பழைய ரெகுலேட்டர் அதை வெட்டிக் கொடுத்தால் பலகை தடுமாறும். எலக்ட்ரீஷியனை வைத்து ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு சுவிட்ச் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள்.

செல்வி, இதிலிருந்து துண்டறிக்கைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ‘ரிமோட் உண்டு’ என்பது கூறு. கட்டிலை விட்டு எழ முடியாதவருக்கு அது பலன். ரிமோட்டைக் கண்ணாடி போட்டுத் தேடுகிறவருக்கு அதுவே தொல்லை. இதனால்தான் ‘நன்மைகள்’ என்ற தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கு என்ற கேள்வியை அது விழுங்கிவிடுகிறது.

செல்வி எழுதியது:

அப்படியானால் ‘65% மின்சாரம் மிச்சம்’ என்ற வரி எந்தப் பக்கம், ஐயா? அதைத்தான் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார்கள்.

ரங்கராஜன் எழுதியது:

75-இலிருந்து 28-க்கு இறங்கினால் 63% வரும், 65 அல்ல. அதை விடுங்கள். அது அந்த ஒரு ஃபேன் இழுக்கும் மின்சாரத்தில் மிச்சம். வாங்குகிறவர் அதை ‘பில்லில் 65% குறையும்’ என்று படிப்பார். பிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் அதேபடி ஓடிக்கொண்டிருக்கும்போது பில் எப்படி அவ்வளவு குறையும்? இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்து நிற்பார். கூறுக்குப் பலன் வேடம் போடுவது இதுதான். ‘நாளுக்கு 12 மணி நேரம் முழு வேகத்தில் ஓடும் பழைய ஃபேனுக்குப் பதிலாக மாட்டினால், இரண்டு மாதத்தில் சுமார் 34 யூனிட் குறையும்’ என்று நிபந்தனையோடு எழுதினால், தன் வீட்டுக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார்.

பலனை எட்ட ஒரு வழி, ஒவ்வொரு வரிக்கும் ‘அதனால என்ன?’ என்று கேட்பது. 28 வாட். அதனால என்ன? இன்வெர்ட்டரில் சுமை குறையும். அதனால என்ன? நான்கு பழைய ஃபேன் 300 வாட், நான்கு புதியது 112 வாட். ஃபேன் மட்டும் ஓடினால் அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். இங்கே நின்றுவிட வேண்டும். இன்னும் ஒருமுறை கேட்டால் ‘குடும்பம் நிம்மதியாகத் தூங்கும்’ என்று வரும். அந்த வரியைக் கொசுவலைக்கும் போடலாம், மெத்தைக்கும் போடலாம். வேறு பொருளின் பெட்டிக்கும் பொருந்துகிற வரி வந்துவிட்டால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

முத்து எழுதியது:

‘உங்களுக்கு’வை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நடுவில் ஒன்று இருக்கிறதே, ஐயா. 28 வாட் கூறு, பேட்டரி தாங்குவது பலன். ‘சுமை குறையும்’ என்பது இரண்டும் இல்லை. அதற்கு ‘விளைவு’ என்று மூன்றாவது சொல் வேண்டும். ‘பலன்’ என்றால் ராசிபலன் நினைவு வருகிறது. ‘பயன்’ என்று வைக்கலாமே.

ரங்கராஜன் எழுதியது:

‘விளைவு’ நம் கலைச்சொல் அகராதியில் இருக்கட்டும், துண்டறிக்கையில் மூன்று பத்தி வேண்டாம். ‘பயன்’ சொன்னால் ‘பயன்பாடு’ பக்கத்தில் வந்து உட்காரும்; ஃபேனின் பயன் காற்று என்று பதில் வரும். ‘பலன்’ என்றால் கிடைத்ததா இல்லையா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அது போதும்.

செல்வி எழுதியது:

கடையில் யாரும் ‘கூறு’ என்று கேட்கமாட்டார்கள். ‘இதுல என்ன வசதி இருக்கு?’ என்றுதான் கேட்பார்கள். ‘வசதி’ இரண்டு பக்கமும் சாய்கிற சொல், அதனால் அகராதிக்கு ஆகாது. தலைப்புக்கு மட்டும் பொருந்தும். இப்போதைக்கு ‘ஃபேனில் இருப்பவை’, ‘உங்கள் வீட்டில் கிடைப்பது’ என்று போட்டு, 34 யூனிட் வரியை நிபந்தனையோடு சேர்த்துவிட்டேன். ரெகுலேட்டரை எடுக்க வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறேன். 65% வரியை எடுக்க இன்னும் சம்மதம் வரவில்லை.

முத்து எழுதியது:

பதிவுக்கு: ஃபீச்சர் – கூறு, ஏற்கப்பட்டது. பெனிஃபிட் – பலன் / பயன், முடிவாகவில்லை. என் ஓட்டு இன்னும் ‘பயன்’தான்.