சார்ஜர் ஒரு மணி நேரத்துல பச்சை ஆயிடுது, ஆனா வீல்சேர் தெருமுனை தாண்டல

கீதா:
அப்பாவோட எலக்ட்ரிக் வீல்சேர், வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. 12 வோல்ட் ஜெல் பேட்டரி ரெண்டு இருக்கு, மேல 34 ஏஎச்னு போட்டிருக்கு, சார்ஜர் 24 வோல்ட் 5 ஆம்ப். முன்னாடி பால் பூத், கோயில், டீக்கடைன்னு சுத்திட்டு வந்தாலும் பாதி கோடு மிச்சம் இருக்கும், இப்ப ஒரு கிலோமீட்டர் போனா சிவப்புக்கு வந்துடுது, வாசல் சாய்தளம் ஏறும்போது அப்படியே நின்னுடுது. ஆனா சார்ஜ் போட்டா ஒரு மணி நேரத்துல பச்சை லைட் வந்துடுது. சார்ஜர் போச்சா? தீ பிடிச்சுடுமோன்னு பயத்துல ராத்திரி போட்டு விடுறதே இல்ல, சாயந்திரம் 7 மணிக்குப் போட்டு 10 மணிக்கு தூங்கப்போகும்போது கழட்டிடுவேன், ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான்.

முருகன் டூவீலர்:
பேட்டரிய சுத்தமா தீர விட்டு அப்புறம் ஃபுல்லா ஏத்துங்க, மூணு தடவை செஞ்சா சரியாயிடும். என் பழைய போனுக்கு அப்படித்தான் செஞ்சேன்.

ரிப்பேர் ராசு:
தம்பி அது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். ஃபுல்லா ஏத்தணும்னு சொன்னது மட்டும் சரி. லெட் ஆசிட்ல தீர விட்டா இன்னும் சீக்கிரம் செத்துடும், ஜெல்லும் லெட் ஆசிட்தான்.

கீதாம்மா, சார்ஜர் மேல தப்பு இருக்கும்னு தோணல. 34 ஏஎச் பேட்டரி நல்லா இறங்கியிருந்தா 5 ஆம்ப் சார்ஜருக்கு எட்டு, பத்து மணி நேரம் ஆகும். முதல் எண்பது சதவீதம் வேகமா ஏறிடும், கடைசி இருபதுதான் மெதுவா இழுக்கும், நீங்க கழட்டுனது எல்லாம் அந்தக் கட்டம் முடியுறதுக்கு முன்னாடியே. தினமும் அரைகுறையா விட்டா தகடு மேல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும், கொள்ளளவு குறைஞ்சுடும். சின்ன சொம்புல தண்ணி சீக்கிரம் நிரம்புற மாதிரி பச்சை சீக்கிரம் வருது, அவ்வளவுதான்.

உறுதி பண்ண ஒரு மல்டிமீட்டர் போதும். பச்சை வந்ததும் சார்ஜரைக் கழட்டிட்டு நாலு மணி நேரம் சும்மா விட்டு ஒவ்வொரு பேட்டரியையும் தனியா அளங்க, 12.8 பக்கம் இருக்கணும். அப்புறம் அப்பா உக்காந்து சாய்தளம் ஏறும்போது இன்னொருத்தர் மீட்டரைப் பாக்கட்டும். மூடியத் தொறக்கும் முன்ன சேரை ஆஃப் பண்ணுங்க, கை வளையல கழட்டிடுங்க, ஸ்பேனர் பிடிக்கு டேப் சுத்துங்க. ரெண்டு முனையையும் இரும்பு தொட்டா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும்.

மாலா அக்கா:
எனக்கும் இதே பயம்தான்மா, என் ஸ்கூட்டர் லித்தியம், பக்கத்து வீட்டு சார்ஜர் பின் சரியா சேருதேன்னு ஒரு நாள் போட்டேன், பேட்டரி உப்பி மூடி தூக்கிடுச்சு. வெளிய தூக்கி வச்சுட்டுத்தான் மூச்சே வந்துச்சு. அப்ப ராத்திரி போடவே கூடாதுதானே?

ரிப்பேர் ராசு:
அக்கா, உங்க கேஸ் வேற. லித்தியத்துக்கு அதுக்குன்னு வந்த சார்ஜர் மட்டும்தான், உப்புனத திரும்ப சார்ஜே போடக்கூடாது, தூங்குற ரூம்லயும் வாசல் வழிலயும் வச்சு ஏத்தாதீங்க. கீதாவோடது ஒழுங்கான சார்ஜர்னா நிரம்புனதும் தானே குறைச்சுக்கும், விடிய விடிய விடலாம். ஆனா சார்ஜர் தரைலதான் இருக்கணும், மெத்தை மேலயோ துணி மூடியோ வேணாம். ஜன்னல் கொஞ்சம் தொறந்திருக்கட்டும், எக்ஸ்டென்ஷன் வேணாம், நேரா சுவர் பாயிண்ட். சார்ஜர் உடம்பு சூடாவது சகஜம், பிளக் பின் கை சுட்டா பாயிண்ட் லூஸ். ராத்திரி முழுக்க பச்சையே வராம பேட்டரி சுட்டாலோ, அழுகுன முட்டை வாடை வந்தாலோ உடனே பிடுங்கிடுங்க, உள்ள ஒரு செல் ஷார்ட் ஆயிருக்கும்.

கீதா:
நேத்து அளந்தேன். சும்மா இருக்கும்போது 12.8, 12.5. சாய்தளத்துல ஒண்ணு 11.9, இன்னொண்ணு 9.7க்கு விழுந்துச்சு, உடனே சேர் நின்னுடுச்சு. அப்பா என் மேல கோவமா பாத்தாரு. அந்த ஒண்ண மட்டும் மாத்துனா போதுமா?

ரிப்பேர் ராசு:
9.7ஆ, அது முடிஞ்சு போச்சும்மா. ஆனா ரெண்டையும் ஒரே கம்பெனி, ஒரே தேதி, ஒரே சைஸா மாத்துங்க. பழசும் புதுசும் வரிசைல சேர்ந்தா பழசுதான் முதல்ல காலியாகும், புதுசயும் இழுத்துட்டுப் போயிடும். கடைல கார் பேட்டரி வச்சா மலிவுன்னு சொல்லுவாங்க, அது ஸ்டார்ட் பண்றதுக்கு, தினமும் இறக்கி ஏத்த செஞ்சதில்ல. இனிமே வெளிய போயிட்டு வந்த அன்னைக்கே சொருகிடுங்க, பச்சை வர்ற வரைக்கும் கழட்டாதீங்க.

முருகன் டூவீலர்:
எங்க ஏரியால ராத்திரி கரண்ட் போகும், இன்வெர்ட்டர்ல போட்டா ஓகேவா ராசு அண்ணா? என்னோடது பழைய ஸ்கொயர் வேவ்.

ரிப்பேர் ராசு:
சைன் வேவ்னா பயமில்ல. ஸ்கொயர் வேவ்ல சில சார்ஜர் உறுமும், சூடாகும், சிலது ஒண்ணும் ஆகாது. உன் சார்ஜர் மாடல் பாக்காம சொல்ல முடியாதுப்பா, ஃபோட்டோ போடு.

கீதா:
ரெண்டும் ஆர்டர் போட்டாச்சு, வியாழக்கிழமை வருது. பழசு ரெண்டையும் கடைக்காரரே எடுத்துக்கிட்டு கொஞ்சம் காசு கழிக்கிறாராம். அப்பா அதுவரைக்கும் திண்ணைலதான்.