ஆப்பில் புதுப் பின் வைத்தும் கடையில் கார்டு லாக் என்றே காட்டுகிறது

நித்யா: வேறொரு கார்டின் பின் நம்பரை இந்த டெபிட் கார்டுக்குப் போட்டு, கடை மெஷினில் மூன்று முறை தப்பாகிவிட்டது. கார்டு லாக். அன்றைக்கே வங்கி ஆப்பில் புதுப் பின் வைத்துவிட்டேன். ஆனால் இன்று இன்னொரு கடையில் கார்டைச் செருகினால், பின் கேட்காமலேயே PIN TRIES EXCEEDED என்கிறது. தட்டிக் காட்டினால் மட்டும் சின்னத் தொகை போகிறது. புதுக் கார்டுதான் வாங்க வேண்டுமா?

குமார்_77: இருபத்துநாலு மணி நேரம் விடுங்கள், தானாகத் திறந்துகொள்ளும். எனக்கு அப்படித்தான் ஆனது.

மழைத்துளி: பியுகே கேட்கும், கவனம்! அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் மொத்தமாகப் போச்சு.

நித்யா: அது சிம் கார்டுக்கு இல்லையா? நான் கேட்டது வங்கிக் கார்டு.

மழைத்துளி: அட, சரியாகப் படிக்கவில்லை. மன்னிக்கவும்.

பழைய கவுன்டர்: கார்டுப் பிரிவில் இருந்தவன். குமார் சொல்வது பாதி சரி. தப்புப் பின்னை வங்கியின் கணினி ஒரு பக்கம் எண்ணுகிறது. சில வங்கிகளில் அது மறுநாள் தானாகத் திறக்கும். ஆனால் பல கார்டுகளில் சிப்பும் தனியாக எண்ணும். அது எத்தனை நாள் காத்திருந்தாலும் திறக்காது. உங்கள் ஆப் வங்கிப் பக்கத்தைத்தான் சரிசெய்திருக்கிறது, சிப்புக்குச் சேதி போகவில்லை. மெஷின் பின் நம்பரே கேட்காதது அதற்கு அடையாளம்.

உங்கள் வங்கியின் சொந்த ஏடிஎம்மில் கார்டைச் செருகி, புதுப் பின் போட்டுக் கொஞ்சம் பணம் எடுங்கள். சிப்பைத் திறக்கும் கட்டளையை வங்கி ஏடிஎம்முக்குத் தரும் பதிலோடுதான் அனுப்பும், அது கடைசியில்தான் எழுதப்படும். அதனால் கார்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை ஏடிஎம் என்றால் நல்லது. செருகியபடி நிற்கும் வகை என்றால் திரை சொல்லும்வரை உருவாதீர்கள். தட்டுவது இதற்கு உதவாது. ஏடிஎம்மும் மறுத்தால் மேலே முயற்சி வேண்டாம், கிளைக்குப் போங்கள்.

குமார்_77: ஓ, என் கார்டு பின்னை வங்கியிடமே சரிபார்க்கும் வகை போல.

நித்யா: இணையத்தில் தேடி ஒரு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொன்னார்கள், போனை வைத்துவிட்டேன்.

பழைய கவுன்டர்: நல்ல வேளை. கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணைத் தவிர வேறெதையும் கூப்பிடாதீர்கள். லாக் எடுக்க உங்கள் பின்னோ ஓடிபியோ எந்த ஊழியருக்கும் தேவையில்லை. அவர்களிடம் கார்டு எண் எதுவும் சொன்னீர்களா?

நித்யா: கடைசி நாலு இலக்கம் மட்டும்.

பழைய கவுன்டர்: அதை வைத்து மட்டும் பணம் எடுக்க முடியாது. ஆனால் அந்த நாலு இலக்கத்தைச் சொல்லியே ‘வங்கியிலிருந்து’ என்று மறுபடி கூப்பிடுவார்கள்.

நித்யா: மாலையில் ஏடிஎம்மில் பணம் எடுத்தேன். அப்புறம் அதே கடையில் செருகினேன். பின் கேட்டது, போட்டேன், போய்விட்டது!

சாந்தி: நான் வேறு வங்கி ஏடிஎம்மில் இதையே செய்தேன். பணம் வந்தது, கடையில் இன்னும் லாக்தான்.

பழைய கவுன்டர்: கட்டளை வழியில் நின்றிருக்கலாம், இல்லை வங்கி அனுப்பாமலே இருந்திருக்கலாம், இங்கிருந்து சொல்ல முடியாது. சொந்த வங்கி ஏடிஎம்மில் ஒரு தடவை பாருங்கள்.