பட்டறை நிலம்: குத்தகையா, கிரயமா? கணக்கில் ஓர் உதவி வேண்டும்

நண்பர்களே, பட்டறைக்கு ஒரு நிலம் பார்த்திருக்கிறேன். விலை 100 பங்கு என்றால், 20 ஆண்டுக் குத்தகைக்கு முதல் ஆண்டு இறுதியில் 6 பங்கு. 10 சதவீத வட்டியில் கழித்தால் மொத்தக் குத்தகையின் இன்றைய மதிப்பு 51தான். மகிழ்ந்துபோனேன். பிறகுதான் ஆண்டுதோறும் குத்தகை 5 சதவீதம் உயரும் என்ற விதியைக் கவனித்தேன். அதைச் சேர்த்ததும் 73 ஆகிவிட்டது!

வாங்கினால், நிலமும் ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறி, 20 ஆண்டு கழித்து 265க்கு விற்கும். அதன் இன்றைய மதிப்பு 39. நிகரச் செலவு 61. வாங்குவதே மேல் என்று தோன்றுகிறது.

ஆனால் குத்தகைத் தொகை ஒப்பந்தத்தில் உறுதியானது, விற்பனை விலையோ வெறும் ஊகம். அதை மட்டும் 12 சதவீதத்தில் கழித்தால் நிகரச் செலவு 72.5, இரண்டும் ஏறக்குறைய சமம். இப்படி இரு வேறு விகிதங்கள் வைப்பது சரியா? குத்தகை முடிவில் விட்டுவர வேண்டிய கொட்டகையின் செலவை எப்படிச் சேர்ப்பது? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.