கார்ட்ல ஏத்தின கிளப் மெம்பர்ஷிப் காசை திரும்ப எடுத்த ஆக்கள் இருக்கிறீங்களா?

வெள்ளவத்தைல இருந்து கேக்கிறன். அம்மாக்கு ஒரு கோல், ஹோட்டல் கிளப் மெம்பர்ஷிப், சாப்பாடு பாதி விலை எண்டு சொல்லி கிரெடிட் கார்ட் நம்பரும் பின்னுக்கு இருக்கிற மூண்டு இலக்கமும் கேட்டிருக்கினம், அவவும் "ஓம் தம்பி, எழுதுங்கோ" எண்டு குடுத்திட்டா. ஸ்டேட்மென்ட் வந்தா 18,500 ரூபா!

கேட்டா கான்சல் பண்ணலாம், காசு திரும்பாதாம். நான் கான்சல் எண்டு ஈமெயிலும் போட்டு, வருசா வருசம் தானா வெட்டுவாங்களோ எண்ட பயத்தில கார்டையும் நிப்பாட்டிட்டன்.

இப்ப பாங்க்ல டிஸ்பியூட் ஃபோர்ம் தந்திருக்கினம். "நான் செய்யேல்ல" எண்டு போட்டா பொய், நம்பர் குடுத்தது அம்மாதானே, அவங்கள் கோல் ரெக்கோர்டிங்கை காட்டினா முடிஞ்சுது. "சொன்னது ஒண்டு தந்தது ஒண்டு, கான்சல் பண்ணியும் காசு தரேல்ல" எண்டு போடுறதா? பாங்க் கைவிட்டா மத்திய வங்கின்ர 1935க்கு அடிப்பன். நீங்கள் என்ன காரணம் போட்டனீங்கள்?