2,10,000 ரூபாய் எத்தனை மாதம் தாங்கும்?

குன்னூர் வாசி:
குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 28,000. அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பது 2,10,000. மாதாமாதம் அதில் 7,000 சேர்கிறது. வேலை போய்விட்டால் எத்தனை மாதம் ஓட்டலாம்? நான் கணக்குப் போட்டால் 10 மாதம் வருகிறது. என் மைத்துனர் ஏழரை மாதம்தான் என்கிறார். யார் சொல்வது சரி?

கோத்தகிரி தோட்டம்:
நீங்கள் சொல்வதுதான் சரி தம்பி. மைத்துனர் 2,10,000-ஐ நேராக 28,000-ஆல் வகுத்துவிட்டார். மாதம் 7,000 உள்ளே வரும்போது கையிருப்பிலிருந்து உண்மையில் வெளியே போவது 21,000 மட்டுமே. அதனால் பத்து மாதம். நானும் இப்படித்தான் பார்க்கிறேன். மகன் அனுப்பும் பணம் நின்றுபோனாலும் எனக்குப் பச்சைத் தேயிலை மாதம் 14,000 தருகிறது. வீட்டுச் செலவு 18,000. மாதம் 4,000-தான் குறைகிறது. சேமிப்பு 1,20,000 இருக்கிறது, முப்பது மாதம் கவலையில்லை.

மலைக்கணக்கு:
வகுப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அந்த 7,000 எங்கிருந்து வருகிறது? சம்பளத்திலிருந்து எடுத்துப் போடுவதென்றால், சம்பளம் நிற்கும் அன்றே அதுவும் நின்றுவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். கடன் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். வேலை இருக்கும்போது சேர்க்கிற பணத்தை, வேலை போன பிறகும் வரும் பணமாக எழுதிவிடுவார்கள்.

குன்னூர் வாசி:
சார், 4,000 சம்பள நாளில் ஆர்டிக்குப் போகிறது. மீதி 3,000 வீட்டின் பின்னால் இருக்கும் அறை வாடகை. அதையும் தொடாமல் சேர்த்துவிடுகிறேன்.

மலைக்கணக்கு:
அப்படியானால் வேலை போன பிறகு வருவது 3,000 மட்டுமே. 28,000-இல் 3,000 போக 25,000. இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தை அதால் வகுத்தால் 8.4 மாதம். உங்கள் பத்தும் இல்லை, மைத்துனரின் ஏழரையும் இல்லை. அந்த 4,000 வீணாகவில்லை. வேலை இருக்கும் ஒவ்வொரு மாதமும் அது கையிருப்பைக் கூட்டும். ஒரு வருஷம் போட்டால் 48,000, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மாதம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதன் இடம் வகுபடும் எண்ணில், வகுக்கும் எண்ணில் இல்லை.

கோத்தகிரிக்காரரே, உங்கள் 14,000 பறிகூலி போகவா? உரம் போகவா?

கோத்தகிரி தோட்டம்:
பறிகூலி போகத்தான். உரம் வருஷத்தில் இரண்டு தடவை போடுகிறேன், தடவைக்கு 12,000 ஆகிறது. அதை நான் மாதச் செலவில் எழுதுவதில்லை, அந்த நேரத்தில் பார்த்துக்கொள்வேன்.

மலைக்கணக்கு:
அந்த நேரத்தில் அது இதே சேமிப்பிலிருந்துதானே போகும்? வருஷத்துக்கு 24,000 என்றால் மாதத்துக்கு 2,000. இலை வரவு 12,000 ஆகிறது, குறை 6,000 ஆகிறது. முப்பது மாதம் இருபதாக இறங்கிவிட்டது. விலை விழுந்தோ பனிக்காலத்தில் இலை குறைந்தோ இன்னொரு 4,000 போனால் குறை 10,000. அப்போது பன்னிரண்டு மாதம்தான்.

வரவு செலவுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இதுதான் ஆபத்து. இடைவெளி சிறியதாக இருந்தால் விடை மிகப் பெரிய எண்ணாக வரும். ஆனால் வரவில் சின்னதாக ஒன்று அசைந்தாலே அது பாதிக்கும் கீழே போய்விடும். குன்னூர்த் தம்பிக்கு அதே 2,000 குறைந்தால் 8.4 என்பது 7.8 ஆகும், அவ்வளவுதான். உங்கள் முப்பதை நம்புவதைவிட அவருடைய எட்டை நம்பலாம்.

கோத்தகிரி தோட்டம்:
உரம் விட்டுப்போனதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலையும் விழும், இலையும் குறையும் என்று எல்லாக் கெட்டதையும் ஒரே வருஷத்தில் கட்டுவதை ஏற்கமாட்டேன். மழை கிடைத்த மாதங்களில் 14,000-க்கு மேலேயும் எடுத்திருக்கிறேன். நல்ல மாதம் கெட்ட மாதத்தைச் சமன் செய்யும்.

மலைக்கணக்கு:
வருஷக் கடைசியில் சமன் ஆகலாம். கெட்ட மாதங்கள் முதலில் வந்துவிட்டால்? நல்ல மாதம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். கவாத்து வெட்டினால் மூன்று மாதம் போல இலையே வராது என்பது உங்களுக்கே தெரியும். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் 54,000 வேண்டும்.

கோத்தகிரி தோட்டம்:
நான் தோட்டத்தை மொத்தமாகக் கவாத்து செய்வதில்லை, பிரித்துப் பிரித்துத்தான் வெட்டுகிறேன். அதனால் வரவு ஒரேயடியாக நிற்காது.

மலைக்கணக்கு:
சரி, அது நல்ல முறை. கவாத்தை நான் எடுத்துவிடுகிறேன். உரம் கணக்கில் இருக்கட்டும்.

ஊட்டி வேன்:
இந்த வகுத்தல் எல்லாம் அமைதியான காலத்துக்குத்தான் அண்ணா. 2020-இல் என்னிடம் 96,000 இருந்தது. வீட்டுக்கு 16,000, வேன் தவணை 8,000, ஆக 24,000. மனைவி ஒரு தங்கும் விடுதியில் துப்புரவு வேலைக்குப் போய் 6,000 கொண்டுவந்தார். என் ஓட்டம் நின்றாலும் அந்த ஆறாயிரம் இருக்கிறது, குறை 18,000, ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கும் என்று மனதில் வைத்திருந்தேன். மார்ச் 25 ஊரடங்கு வந்தது. வண்டியும் நின்றது, விடுதியும் பூட்டியது, இரண்டும் ஒரே நாளில். ஏப்ரல், மே சீசனே இல்லாமல் போனது. 24,000-ஆல் வகுத்தால் நான்கு மாதம். அதனால் நான் மைத்துனர் பக்கம். வரும் பணம் எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கொடை அக்கா:
தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அப்போது அனுமதி கொடுத்ததே, ஆகஸ்ட் கடைசி வரை. அதை எடுத்தீர்களா?

ஊட்டி வேன்:
எடுத்தேன் அக்கா. மாதம் 8,000 மிச்சமானதால் செப்டம்பர் வரை தள்ளினோம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது, தவணைகள் பின்னால் நீண்டன. அதற்காக 24,000-ஐ 16,000 என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. அடுத்த தடவை அப்படி ஒரு சலுகை வரும் என்று யார் சொல்ல முடியும்?

மலைக்கணக்கு:
உங்கள் அனுபவம் பெரியது. ஆனால் அது காட்டுவது வரவு எதையும் எண்ணாதே என்பதை அல்ல. உங்கள் சம்பாத்தியமும் மனைவியின் சம்பாத்தியமும் ஒரே சுற்றுலாப் பயணியிடமிருந்து வந்தன. ஒன்று நிற்கும் காரணமே இன்னொன்றையும் நிறுத்தியது. கோத்தகிரிக்காரரின் இலைப் பணத்துக்கும் மகன் அனுப்பும் பணத்துக்கும் அப்படித் தொடர்பு இல்லை. அவர் அதை எண்ணலாம், குறைத்து எண்ண வேண்டும். வேலையை நிறுத்தக்கூடிய அதே காரணம் இந்த வரவையும் நிறுத்துமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஊட்டி வேன்:
அப்போ குன்னூர்த் தம்பியின் பின்னறையில் இருப்பவர் யார்?

குன்னூர் வாசி:
எங்கள் ரிசார்ட்டிலேயே சமையல் செய்கிறவர்.

மலைக்கணக்கு:
இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ரிசார்ட் உங்களை மட்டும் அனுப்பினால் 8.4. ரிசார்ட்டே மூடினால் அவரும் ஊருக்குப் போய்விடுவார், வாடகை நின்றுவிடும், மைத்துனரின் ஏழரைதான் மிஞ்சும். குன்னூரில் வேறு ஆள் குடிவருவார், ஆனால் எத்தனை மாதத்தில் என்று என்னால் சொல்ல முடியாது.

கொடை அக்கா:
எல்லோரும் செலவை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டீர்கள். தம்பி, அந்த 28,000-இல் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறதா?

குன்னூர் வாசி:
இல்லை அக்கா. ஜூனில் மொத்தமாக 30,000 கட்டுகிறேன். இதுவரை போனஸிலிருந்து கட்டினேன்.

கொடை அக்கா:
போனஸும் வேலையோடு போய்விடும். அப்படியானால் எந்த மாதத்தில் வேலை போகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். வாடகை வருகிறது என்றே வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். டிசம்பரில் தொடங்கினால் மாதம் 25,000 குறைந்து மே முடிவில் 60,000 நிற்கிறது. ஜூனில் 25,000-உம் 30,000-உம் போய் 5,000 மிச்சம். ஜூலைக்கு ஒன்றுமில்லை. ஏழு மாதம்தான். அதே வேலை ஜூலையில் போனால் பிப்ரவரி முடிவில் 10,000 கையில் நிற்கிறது, எட்டு மாதம் முழுசாக ஓடும், அடுத்த கட்டணம் அதற்கப்பால்தான் வருகிறது. பணம் ஒன்றுதான், தொடங்கும் மாதம் மட்டுமே வேறு. நான் சொல்வது, 30,000-ஐ பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 2,500 என்று செலவிலேயே சேர்த்துவிடுங்கள். குறை 27,500 ஆகும், 7.6 மாதம் வரும். எந்த மாதத்தில் போனாலும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

மலைக்கணக்கு:
மற்ற எல்லாவற்றிலும் அக்கா பக்கம்தான், இதில் மட்டும் இல்லை. சராசரி 7.6 என்று சொல்லும், டிசம்பரில் தொடங்கினால் ஜூன் கடைசியில் கையில் 5,000 என்பதைச் சொல்லாது. ஒரு நோட்டில் மாதமாக எழுதினால்தான் எங்கே பள்ளம் விழுகிறது என்று தெரியும். வாடகையும் இல்லாமல் டிசம்பர் தொடக்கத்தை எழுதிப் பாருங்கள். மே முடிவில் 42,000. ஜூன் வீட்டுச் செலவு போக 14,000. கட்டணத்துக்கு 16,000 துண்டு விழும். ஆறு மாதம் முழுசாக, ஏழாவதில் தடுமாற்றம்.

கொடை அக்கா:
ஒரு தடவை எழுதலாம் சார். மாதாமாதம் விலை மாறும் வீட்டில் அதைத் திருத்திக்கொண்டே இருக்க எத்தனை பேரால் முடியும்? எளிதாக நினைவில் நிற்கும் எண்தான் பயன்படும்.

கோத்தகிரி தோட்டம்:
வங்கி வட்டியை ஒருவரும் சேர்க்கவில்லையே?

மலைக்கணக்கு:
சேர்க்கலாம், ஆனால் பணம் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது. எட்டு மாதத்துக்குச் சராசரியாகப் பாதிதான் கணக்கில் நிற்கும். வருஷத்துக்கு 6 சதவீதம் என்று வைத்தாலும் சுமார் 4,400 வரும். ஐந்து நாள் செலவு. அதற்காக உடைக்க முடியாத டெபாசிட்டில் போட வேண்டியதில்லை.

குன்னூர் வாசி:
மைத்துனரிடம் காட்டினேன். வாடகையை எண்ணக் கூடாது என்று அவர் இன்னும் நிற்கிறார், எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பள்ளிக் கட்டணம் எங்கள் இருவர் கணக்கிலும் இல்லை. ஆர்டியின் 4,000-இல் 2,500-ஐ இந்த மாதத்திலிருந்து கட்டணத்துக்கென்று தனியாக வைக்கப் போகிறேன். பின்னறைக்காரர் எவ்வளவு நாள் இருப்பார் என்று கேட்டேன், ஏப்ரல் சீசன் முடியும் வரை உறுதி என்கிறார். நோட்டில் மே வரை 3,000 எழுதியிருக்கிறேன், ஜூனிலிருந்து எழுதவில்லை.