விரல்ரேகை ஆறு மணிக்கு, வேலை எட்டரை வரை: மனிதவளத் தலைவரிடம் புகார் கொடுத்த அனுபவம்

ஒரகடத்து ஊழியர்:
வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வந்த மேலாளர், மாலை ஆறு மணிக்கு எல்லோரும் விரல்ரேகை வைத்துவிட்டுத் திரும்பி வந்து வேலையைத் தொடர வேண்டும் என்றார். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பணத்தைவிட வேறொன்று என்னை உறுத்தியது. ஏழு மணிக்கு ஒருவன் கை இயந்திரத்தில் மாட்டினால், அந்த நேரத்தில் அவன் ஆலைக்குள்ளேயே இல்லை என்றுதான் பதிவு சொல்லும்.

முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம். என் தங்கை படித்துவிட்டு, "அண்ணா, அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதியிருக்கிறாய். என்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லையே" என்றாள். அதைக் கிழித்துவிட்டு ஒரு சட்டைப்பை நோட்டு வாங்கினேன். அன்றன்று இரவே எழுதினேன்: "செவ்வாய், மாலை 6.05. இறுதிச் சோதனை மேசை. மேலாளர் சொன்னது: 'ரேகை வைத்துவிட்டு வா, இல்லையென்றால் நாளைக்கு வராதே.' உடனிருந்தவர்கள் மூவர். நான் கிளம்பியது 8.40." ஆறு வாரத்தில் பதினொரு குறிப்புகள் சேர்ந்தன. சாட்சிகளைக் கேட்டுவிட்டே அவர்கள் பெயரைச் சேர்த்தேன். ஒருவர் பயந்தார், விட்டுவிட்டேன்.

மனிதவளத் தலைவர் அம்மையார் ஒரு பக்கக் கடிதத்தையும் குறிப்புகளின் நகலையும் நிதானமாகப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதில் நீங்கள் நேரில் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது?" இரண்டு குறிப்புகள் இரவு ஷிப்ட்காரர்கள் சொன்னவை, நான் பிரித்து எழுதவில்லை. அந்த இரண்டின் ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டார். மற்ற ஒன்பதும் அப்படியே நின்றன.

திருப்பூர் வாசகர்:
நோட்டெல்லாம் எதற்கு? கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வருகைப் பதிவுக் கோப்பை அப்படியே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். நாளைக்கு அழித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஓய்வுபெற்ற மனிதவள அதிகாரி:
அழித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. ஆனால் நிறுவனத்தின் கோப்பை வெளியே அனுப்பினால், புகார் கொடுத்தவர்மேலேயே ரகசியத்தை மீறினார் என்று குற்றப்பத்திரிகை வரும். அப்படி இரண்டு நல்ல புகார்கள் திசை மாறியதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். எந்தப் பதிவேடு, எந்தத் தேதி என்று கடிதத்தில் குறிப்பிட்டு, அதைப் பாதுகாத்துச் சரிபார்க்கும்படி கேளுங்கள். உங்கள் சொந்தச் சம்பளச் சீட்டு உங்களுடையது, அதை இணைக்கலாம். நேரில் பேசிய அன்றே, "இன்று நான் சொன்னவை இவை, பார்ப்பதாக நீங்கள் கூறியவை இவை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பேச்சு காற்றோடு போகும், அது போகாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மனிதவளத் தலைவர் நிர்வாகத்தின் ஆள்தான். உங்கள் பக்கம் பேசுவார் என்று எண்ணிப் போகாதீர்கள்; சரிபார்க்க முடிந்ததைக் கையில் கொடுத்தால் தட்டிக்கழிப்பது அவருக்குக் கடினம்.

மதுரைப் பெண்:
எனக்கும் இதே நிலைதான். என் மேலாளர் உடையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேசுகிறார். இரண்டு மாதமாகத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். நானும் மனிதவளத் தலைவருக்கே ஒரு பக்கம் எழுதிவிடலாமா?

ஓய்வுபெற்ற மனிதவள அதிகாரி:
அம்மா, உங்களுடையது வேறு வழியில் போக வேண்டும். அது பாலியல் துன்புறுத்தல். 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். எழுத்துப் புகாரை அந்தக் குழுவிடம் கொடுங்கள். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். குறிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள், அங்கும் அவைதான் உதவும்.

சேலத்துக்காரர்:
பெயர் போடாமல் எழுதினால் என்ன? ஒரகடத்து நண்பருக்குச் சம்பள உயர்வை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

ஒரகடத்து ஊழியர்:
அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இந்த ஆண்டு மதிப்பீடு இன்னும் வரவில்லை. ஆனால் பெயரில்லாமல் கொடுத்திருந்தால் அந்தப் பென்சில் கேள்வியை யாரிடம் கேட்டிருப்பார்கள்?

கடைசியில் கைகொடுத்தது கம்பெனி பஸ் டிரைவர் வைத்திருக்கும் தாள். 8.45 பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது நாளும் விரல்ரேகைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு மணிக்குப் போனதாகப் பதிவான எங்கள் பெயர்கள் அந்தத் தாளில் இருந்தன. நிலுவைத் தொகை சம்பளத்தோடு வந்துவிட்டது. மேலாளர்மீது என்ன நடவடிக்கை என்று எங்களிடம் சொல்லவில்லை; ஆறு மணி வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

பைக்கில் வரும் நான்கு பேருக்கு இன்னும் பணம் வரவில்லை, அவர்கள் பஸ் தாளில் இல்லை. வாயிலில் காவலர் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதுகிறார். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும்படி நேற்று இரண்டாவது கடிதம் கொடுத்தேன். இந்த முறை அவர்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.